கெட்டுப்போன பால்கோவாவுக்கு யார் காசு தருவது?

அக்னி நட்சத்திரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை ஒவ்வொரு தினசரி காலண்டரிலும் அச்சடித்தே தருகிறார்கள். மே மாதம் 4-ம் தேதி வாக்கில் தொடங்கி 28-ம் தேதி வாக்கில் முடியும். அந்த மூன்றரை வாரமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவும், திருநெல்வேலியிலிருந்து அல்வாவும், சேலத்திலிருந்து மாம்பழமும் அட்டைப் பெட்டிகளில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பள்ளி விடுமுறையும் விசேஷங்களும் சேர்வதால் அந்த நாட்களில் ஆர்டர் குறைவதில்லை. பெட்டி நேரத்துக்கு வந்துவிட்டால் பிரச்னை இல்லை. இரண்டு நாள் தாமதமாக வந்து, திறக்கும்போதே புளிப்பு வாடை அடித்தால், "கொரியர்காரர் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம்?" என்று கடையும், "உணவுப் பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று கொரியரும் கைகாட்டிக்கொள்வார்கள். காசு கொடுத்தவர் நடுவில் நிற்பார்.

எவ்வளவு பணம் திரும்பக் கேட்பது நியாயம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சில சமயம் முழுத் தொகையும் நியாயம். சில சமயம் மூன்றில் ஒரு பங்குதான் நியாயம். கொரியர் கட்டணத்தை மட்டும் கேட்கலாம், அதற்கு மேல் கேட்டால் அது பேராசை என்ற சந்தர்ப்பமும் உண்டு. பொருள் உண்மையிலேயே கெட்டதா, அதை அனுப்பும் பொறுப்பு யாருடையது, விற்றபோது என்ன சொல்லி விற்றார்கள் என்ற மூன்றையும் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய முடியும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ஒரு குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை ஒன்றின் இணையதளத்தில் 2 கிலோ பால்கோவா வாங்குகிறது. பால்கோவாவுக்கு 800 ரூபாய், பேக்கிங்குக்கும் கொரியருக்கும் சேர்த்து 200 ரூபாய், மொத்தம் 1,000. "2 முதல் 3 நாளில் கிடைக்கும்" என்று இணையதளத்தில் போட்டிருக்கிறது. திங்கள் மாலை கொரியரில் ஏறுகிறது. வியாழனுக்குள் வந்திருக்க வேண்டிய பெட்டி சனிக்கிழமை மதியம் வருகிறது. லேபிளில் தயாரித்த நாள் திங்கள் என்றும், 5 நாட்களுக்குள் பயன்படுத்தவும், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்றும் இருக்கிறது. உள்ளே ஒரு கிலோ பாக்கெட்டுகள் இரண்டு. இரண்டிலும் அடியில் எண்ணெய் போல நெய் தேங்கியிருக்கிறது. ஒன்றில் லேசான புளிப்பு வாடை. இன்னொன்றில் வாடை எதுவும் இல்லை.

கடைக்குப் போன் போட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"மேடம், அஞ்சு நாள் டேட் போட்டிருக்கோம். இன்னும் டேட் முடியலையே."

"டேட் முடியலைங்க, ஆனா புளிச்ச வாடை வருது."

"ஒரு பாக்கெட்தானே மேடம்? அதுக்கு அடுத்த ஆர்டர்ல கூப்பன் போட்டுத் தர்றோம். இன்னொண்ண நீங்க யூஸ் பண்ணிக்கங்க."

இந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் தவறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லேபிளில் உள்ள 5 நாள் என்பது எந்த நிலையிலும் 5 நாள் என்று பொருள்படாது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் 5 நாள். மே மாத மதியத்தில் தகரக் கூரை போட்ட கொரியர் கிடங்கும், வெயிலில் நிறுத்திவைத்த டெலிவரி வண்டியின் பெட்டியும் குளிர்ந்த இடங்கள் அல்ல. வெளியே 39 டிகிரி என்றால் மூடிய வண்டிக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகவே இருக்கும். லேபிளில் எழுதிய நிபந்தனையைக் கடையே ஏற்பாடு செய்த பயணம் மீறிவிட்டது. அதன் பிறகு அந்தத் தேதியைக் காட்டி வாதாட முடியாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பால் இனிப்புகளுக்கு வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கலாகண்ட் போன்றவற்றை அன்றைக்கே சாப்பிட வேண்டும், ரசகுல்லா வகைகளுக்கு 2 நாள், பேடா, பர்ஃபி போன்ற கோவா இனிப்புகளுக்கு 4 நாள், நெய்யும் பருப்பும் சேர்ந்த காஜு கத்லி வகைக்கு 7 நாள், கடலை மாவு லட்டு போன்றவற்றுக்கு 30 நாள் வரை என்று அது பிரிக்கிறது. பால்கோவா கோவா வகையைச் சேர்ந்தது. சர்க்கரை அதிகம் சேர்த்து, ஈரம் குறையக் கிண்டினால் ஒரு நாள் இரண்டு நாள் கூடும். பதம் இளகலாக எடுத்தால் குறையும்.

(2020 அக்டோபர் 1 முதல், பெட்டியில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைப்பது கட்டாயம். உங்கள் ஊர்க் கடையில் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று அடுத்த முறை பாருங்கள்.)

அடுத்தது, வாடை வராத பாக்கெட். கடைக்காரர்கள் மட்டுமல்ல, வாங்குபவர்களும் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். புளிப்பு வாடை என்பது பாலின் சர்க்கரையை அமிலமாக்கும் நுண்ணுயிர்களின் வேலை. மூக்குக்குத் தெரிவது அவைதான். பால் இனிப்பில் அதிகம் பயப்பட வேண்டியது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு. இது மனிதர்களின் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கிறது. பால்கோவா கொதிக்கும்போது செத்துவிடும் என்றாலும், ஆறியபின் வெட்டி, எடைபோட்டு, காகிதத்தில் மடிக்கும் கைகளிலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். மற்றக் கிருமிகள் தாங்காத சர்க்கரைச் செறிவையும் இது ஓரளவு தாங்கும். வெதுவெதுப்பான சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு வாடையோ நிறமோ ருசியோ கிடையாது. வாணலியில் போட்டுச் சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் வருவது இதனால்தான். ஒரே பெட்டியில், ஒரே வெயிலில், ஐந்து நாள் பயணம் செய்த இரண்டு பாக்கெட்டில் ஒன்று கெட்டிருக்கிறது என்றால் மற்றதையும் கெட்டதாகத்தான் கொள்ள வேண்டும். "இன்னொண்ண நீங்க யூஸ் பண்ணிக்கங்க" என்று சொல்வது சிக்கனம் அல்ல, பொறுப்பின்மை.

மூன்றாவது, கூப்பன். பணம் கொடுத்து வாங்கிய பொருள் சாப்பிட முடியாத நிலையில் வந்தால் திரும்ப வர வேண்டியது பணம். வாங்குபவர் மனமுவந்து கூப்பனை ஏற்றுக்கொண்டால் சரி, கடை அதைத் திணிக்க முடியாது. அதே பேக்கிங்கில், அதே கொரியரில், அதே வெயிலில் இன்னொரு பெட்டி அனுப்புகிறேன் என்று கடை சொன்னாலும் மறுத்துவிடுவதே நல்லது. முதல் பெட்டிக்கு நேர்ந்ததே இரண்டாவதுக்கும் நேரலாம்.

ஆக, தாம்பரம் குடும்பத்துக்கு வர வேண்டியது 1,000 ரூபாய் முழுதாக. பொருளுக்கான 800-ஐத் தந்துவிட்டு, கொரியர் கட்டணம் செலவாகிப் போய்விட்டது என்று 200-ஐப் பிடித்துக்கொள்வதும் சரியில்லை. அந்த 200 ரூபாய், பால்கோவாவைச் சாப்பிடும் நிலையில் வீடு சேர்ப்பதற்காக வாங்கியது. அந்த வேலை நடக்கவில்லை.

நெய் உருகியது மட்டும்தான் என்றால்?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியின் அடியில் நெய் தேங்கியிருப்பதைப் படமெடுத்து அனுப்பி, கெட்டுப்போய்விட்டது, முழுப் பணத்தையும் கொடு என்று கேட்பவர்கள் நிறைய. நெய் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கி, உடம்புச் சூட்டில் எண்ணெயாகிவிடும். மே மாதத்தில் எந்த நெய் இனிப்பும் வழியில் உருகித்தான் வரும். மைசூர்பாகு ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடி இறுகி, ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தால் அது அழகு கெட்டிருக்கிறது, உண்ணும் தரம் கெடவில்லை. ஈரம் மிகக் குறைவான இனிப்பில் கிருமிக்கு வேலையில்லை. இங்கே கேட்க வேண்டியது விலைக் குறைப்பு. விற்பவர் உறுதியளித்த தரம் குறைந்துபோனால், குறைந்த மதிப்புக்கு ஏற்ப விலையைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமே தருகிறது. உருக்குலைந்த மைசூர்பாகுக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை திரும்பக் கேட்பது நியாயம் என்பது என் கணிப்பு. விருந்தாளிக்குத் தட்டில் வைக்க முடியாது, வீட்டில் சாப்பிடலாம் என்ற அளவுக்கு இறங்கிய மதிப்பு அவ்வளவுதான்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் மூன்று நாள் தாமதமாக வந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வெல்லப்பாகு கொஞ்சம் பிசுபிசுக்கும். அதற்காகப் பொருளின் விலையைக் கேட்பது அதிகம். சொன்ன நாளில் தராததற்குக் கொரியர் கட்டணத்தைக் கேட்கலாம், கொடுத்தால் அது மரியாதையான கடை.

பழத்தின் கணக்கு வேறு. பால்கோவாவைப் போல எல்லாம் ஒன்றாகக் கெடுவதில்லை, ஒவ்வொரு பழமாகக் கெடும். பறித்த பிறகும் மாம்பழம் மூச்சுவிடுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மூச்சுவிடுவதிலேயே வெப்பமும் ஈரமும் வெளிவரும். காற்றுத் துளை இல்லாத பெட்டியில் அது அடைபட்டு, காம்புப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தொடங்கும். அழுகும் பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பழங்களையும் சீக்கிரம் பழுக்க வைக்கும். சேலத்திலிருந்து 900 ரூபாய்க்கு 5 கிலோ இமாம்பசந்து, கொரியர் 150 என்று வாங்கி, பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்து, ஒன்றரை கிலோ அழுகியிருந்தால், அழுகிய பங்கு பத்தில் மூன்று. பழத்தின் விலையில் 270, கொரியரில் 45, மொத்தம் 315 ரூபாய் திரும்பக் கேட்பது நேர்மையான கணக்கு. பாதிக்கு மேல் அழுகியிருந்தால் மிச்சத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் முழுத் தொகையும் கேட்கலாம். மீதிப் பழங்களும் மறுநாளைத் தாண்டாது என்பது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவருக்குத் தெரியும். 5 கிலோவில் ஒரே ஒரு பழம் நசுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். தூரத்தில் கொண்டுபோய்த் தரும் பொருளில் பயணத்தால் தவிர்க்க முடியாமல் வரும் சேதத்தை வாங்குபவர்தான் ஏற்க வேண்டும் என்று அதே 1930 சட்டம் சொல்கிறது. தவிர்க்க முடியாதது என்பதுதான் அங்கே முக்கியம். நேரத்துக்கு வந்திருந்தால் நடந்திருக்காத அழுகல் அந்தக் கணக்கில் சேராது.

கொரியரை ஏற்பாடு செய்தவர் யார்?

கடைக்காரர்கள் சொல்லும் "கொரியர் தப்பு" என்ற பதிலில் சட்டப்படி ஒரு துளி உண்மை இருக்கிறது. பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தால் அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததற்குச் சமம் என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. அடுத்த வரியிலேயே அந்தச் சட்டம் கடிவாளமும் போடுகிறது. பொருளின் தன்மைக்கு ஏற்ற முறையில் அனுப்ப ஏற்பாடு செய்வது விற்பவரின் கடமை. அப்படிச் செய்யாமல் வழியில் சேதமானால், கொண்டுசெல்பவரிடம் கொடுத்தது என்னிடம் கொடுத்ததாகாது என்று வாங்குபவர் மறுத்துவிடலாம். பால் இனிப்பை, குளிர்பதனம் இல்லாத சாதாரண கொரியரில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றினால் ஞாயிறு முழுக்க அது ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும் என்பது தொழில் செய்பவருக்குத் தெரியும். சூடு ஆறாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளே வியர்த்து மேலே பூசணம் பிடிக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் அனுப்பியவர் கொரியரைக் கைகாட்ட முடியாது.

இணையத்தில் விற்பவர்களுக்கு இன்னும் நேரடியான விதி இருக்கிறது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும், சொன்ன நாளுக்குப் பிறகு வந்த பொருளையும் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. யார் கையிலும் இல்லாத பேரிடரால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறைபாடுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. எனவே "உணவுப் பொருளுக்குப் பணம் திரும்பத் தரப்படமாட்டாது" என்று ரசீதின் அடியில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. வாங்கிய பிறகு மனம் மாறி, வேண்டாம் என்று திருப்புபவருக்கு அந்த வரி செல்லும். கெட்ட பொருளைப் பெற்றவருக்குச் செல்லாது.

பேரிடர் விலக்கைக் கடைகள் தாராளமாக இழுக்கப் பார்க்கும். 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயலும், இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெருவெள்ளமும் வந்து, ரயில் பாதையே அரித்துப் போனது. அந்த வாரத்தில் வராத பெட்டிக்கு யாரைக் குற்றம் சொல்வது? அப்படிப்பட்ட நேரத்தில் பொருள் விலையில் பாதியைக் கடை தந்தால் இரு தரப்புக்கும் நியாயம் என்று நினைக்கிறேன், அது சட்டம் அல்ல, என் கருத்து. ஆனால் மே மாத வெயில் பேரிடர் அல்ல. காலண்டரிலேயே தேதி போட்டு வருவது எதிர்பாராத நிகழ்வாக இருக்க முடியாது.

இனி கதையைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மா கடையில் நேரில் போய் 2 கிலோ வாங்கி, தானே கொரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், தாம்பரத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறார். இப்போது கடைக்கு இதில் வேலையில்லை. கொரியரோடு ஒப்பந்தம் செய்தது அம்மா. அந்த ரசீதில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கக்கூடும். கெடக்கூடிய பொருளை ஏற்பதில்லை என்பது ஒன்று. தொலைந்தாலும் தாமதமானாலும் இவ்வளவு ரூபாய்க்கு மேல் பொறுப்பில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வரிக்கு வலு கொடுத்தது ஒரு பின்னலாடை நிறுவனத்தின் வழக்கு. பாரதி நிட்டிங் நிறுவனம் 1990-ல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் உரிய காலத்தில் போய்ச் சேராமல், நான்கு லட்சத்துக்கும் மேல் நஷ்டம் என்று வழக்கு நடந்தது. கையெழுத்திட்ட சீட்டில் 100 டாலர்தான் வரம்பு என்று எழுதியிருந்ததால் 100 டாலர்தான் கிடைக்கும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தானே கொரியரில் போடுபவர் கொரியர் கட்டணத்தையும் ரசீதில் உள்ள வரம்புத் தொகையையும் எதிர்பார்க்கலாம், 800 ரூபாய் முழுதாக வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதிலும் உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் "துணி" என்று எழுதிவிட்டுப் பால்கோவாவை வைத்தால் கேட்க வாயே இருக்காது. நம் ஊரில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. கொரியர் கவுன்டரில் இருப்பவரே அப்படி எழுதச் சொல்வதும் உண்டு.

வாங்குபவரின் தவறும் கணக்கில் வரும். புதன்கிழமை டெலிவரி ஆள் வந்து, கதவு பூட்டியிருந்து, மூன்று முறை போன் செய்தும் எடுக்காமல் திரும்பிப் போயிருந்தால், அதன் பிறகான தாமதம் நம்முடையது. யாரால் தாமதமானதோ அவருக்கே அதன் நஷ்டம் என்பதும் 1930 சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் "வந்து பார்த்தோம், வீடு பூட்டியிருந்தது" என்று கணினியில் பதிந்துவிட்டு வராமலேயே இருப்பதும் நடக்கிறது. அன்றைக்கு உங்கள் போனில் தவறிய அழைப்பு இருக்கிறதா, அடுக்ககத்தின் காவலர் பதிவேட்டிலோ கேமராவிலோ ஆள் வந்தது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

விசேஷம் முடிந்த பிறகு வந்த இனிப்பு

நிச்சயதார்த்தத்துக்கு 10 கிலோ ஆர்டர் செய்து, விசேஷம் முடிந்த மறுநாள் வந்தால், இனிப்பு நன்றாகவே இருந்தாலும் யாருக்கு என்ன பயன்? வாசலிலேயே வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் கேட்கலாம், மின்வணிக விதி உங்கள் பக்கம். வாங்கி உள்ளே வைத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டு முழுப் பணம் கேட்பது நடக்காது. பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். உள்ளூர்க் கடையில் அவசரத்துக்கு அதிக விலை கொடுத்து வாங்கியதால் ஏற்பட்ட கூடுதல் செலவை, 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி கேட்க வழி இருக்கிறது. அந்தத் தேதியில் விசேஷம் என்று ஆர்டர் செய்யும்போதே கடைக்குத் தெரிந்திருந்தால் கேட்பதற்கு வலு கூடும். எனவே வாட்ஸ்அப்பில் "25-ம் தேதி காலை நிச்சயதார்த்தம், 24-ம் தேதிக்குள் வேண்டும்" என்று ஒரு வரி போட்டு, கடை சரி சொன்னதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி முன்னால் தலைகுனிந்ததற்கு நஷ்டஈடு கேட்டுக் கடையோடு சண்டை போடுவதில் பயனில்லை. சாதாரண இனிப்பு ஆர்டரில் அது கிடைப்பது அரிது.

பெட்டி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதைப் பொறுத்தே பாதிப் புகார்கள் நிற்கின்றன, பாதி விழுகின்றன. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கொரியர் சீட்டு தெரியும்படி ஒரு படம். பிரிக்கும்போது வெட்டு இல்லாமல் ஒரே வீடியோ. லேபிளில் உள்ள தயாரித்த தேதி, பேட்ச் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். வாடையை வீடியோவில் காட்ட முடியாது, பூசணம், மூடியில் வியர்த்திருப்பது, பாக்கெட் உப்பியிருப்பது ஆகியவற்றைக் காட்ட முடியும். பழமென்றால் நல்லது ஒரு பக்கம், அழுகியது ஒரு பக்கம் பிரித்து, அழுகியதைத் தராசில் வைத்துப் படமெடுங்கள். கொரியர் இணையதளத்தில் பெட்டி எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்ற விவரம் கொஞ்ச நாளில் காணாமல் போகலாம், அன்றைக்கே திரைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் சொல்லுங்கள். போனில் பேசினால் மட்டும் போதாது. பொருளை நியாயமான நேரத்துக்குள் நிராகரிக்க வேண்டும் என்கிறது சட்டம். துணிமணிக்கு அது சில நாட்களாக இருக்கலாம், பால்கோவாவுக்குச் சில மணி நேரம்தான். மூன்று நாள் கழித்துச் சொன்னால், "உங்கள் வீட்டில் கெட்டிருக்கும்" என்ற பதிலுக்கு எதிர்வாதம் இல்லை. பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாலும் அப்படியே. கடை பதில் சொல்லும் வரை கெட்டதை ஒரு கவரில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். அதைத் திருப்பி அனுப்பினால்தான் பணம் என்று கடை சொன்னால் மறுக்கலாம், புளித்த பால்கோவாவை இன்னொரு முறை வெயிலில் 500 கிலோமீட்டர் அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை.

என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தொகையோடு எழுதுங்கள். "மோசமான சேவை, தகுந்த நடவடிக்கை தேவை" என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம் வரும். "வியாழனுக்குள் தருவதாகச் சொன்ன பெட்டி சனிக்கிழமை வந்தது, ஒரு பாக்கெட் புளித்துவிட்டது, அதே நிலையில் வந்த மற்றதும் சாப்பிட உகந்ததல்ல, பொருள் 800, அனுப்பும் செலவு 200, மொத்தம் 1,000 ரூபாயைப் பணம் செலுத்திய கணக்கிலேயே 7 நாளுக்குள் திருப்பவும்" என்று எழுதினால் பெரும்பாலும் பணம் வரும்.

வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். அவர்கள் நீதிமன்றம் அல்ல, கடைக்குத் தகவல் அனுப்பிச் சமரசம் பேசுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. ஆனாலும் 1,000 ரூபாய்க்காக ஆணையத்தின் படி ஏறுவது நேரத்துக்குக் கட்டுபடியாகாது. அதை 10 கிலோ, 20 கிலோ விசேஷ ஆர்டர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ பெட்டிக்கு 1915 போதும். மே மாதத்தில் ஆர்டர் செய்தால், ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வராதபடி திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள்.